மொறுமொறு பக்கோடா: எல்லாம் தண்ணீர் படுத்தும் பாடு

டீக்கடையில் நான்கு மணிக்குப் போட்ட வெங்காய பஜ்ஜியை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் துவண்டு கிடக்கும். ஸ்வீட் ஸ்டாலில் கால் கிலோ வாங்கி வந்த தூள் பக்கோடாவோ மறுநாள் மாலையும் கடித்தால் சத்தம் போடும். இரண்டிலும் கடலை மாவுதான், வெங்காயம்தான், கொதிக்கும் எண்ணெய்தான். சட்டியிலிருந்து எடுக்கும்போது உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

பக்கோடா சரியாக வராதவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். அரிசி மாவு எவ்வளவு போட வேண்டும்? மாவை எவ்வளவு கெட்டியாகப் பிசைய வேண்டும்? எண்ணெய் எவ்வளவு காய வேண்டும்? மூன்றும் ஒரே தண்ணீரைப் பற்றிய கேள்விகள்தான். மாவின் கெட்டித்தன்மை, உள்ளே போகும் தண்ணீரைத் தீர்மானிக்கிறது. அந்தத் தண்ணீரை மாவு எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது இரண்டு மாவுகளின் விகிதத்தில் இருக்கிறது. எவ்வளவு விரைவில் அதை வெளியேற்றலாம் என்பது எண்ணெயின் சூட்டில் இருக்கிறது. வெங்காயத் தூள் பக்கோடாவையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அதில்தான் இந்த மூன்றும் முழுதாக வேலை செய்கின்றன.

மொறுமொறுப்பு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

மாவில் இருக்கும் மாவுச்சத்து, சூடும் ஈரமும் சேர்ந்தால் உப்பி வேகும். தொடர்ந்து சூடு ஏற ஏற ஈரம் ஆவியாகிப் போய், வெந்த மாவு காய்ந்து விறைக்கும். அப்படி விறைத்த மெல்லிய சுவர் பல்லில் பட்டதும் வளையாமல் உடைகிறது. அதைத்தான் மொறுமொறுப்பு என்கிறோம். அந்தச் சுவருக்குள் கொஞ்சம் ஈரம் திரும்ப ஏறினாலும் போதும், உடைய வேண்டியது வளையும், பக்கோடா நமுத்துவிடும்.

ஈரம் வெளிக்காற்றிலிருந்து வருவது குறைவு. பக்கோடாவுக்கு உள்ளிருந்து வருவதே அதிகம். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தடித்த உருண்டையாகப் போட்டால் வெளித்தோல் சிவந்து காய்ந்திருக்கும், நடுவில் இருக்கும் வெங்காயமோ ஈரமாகவே இருக்கும். தட்டில் வைத்த பத்து, பதினைந்து நிமிடத்தில் அந்த ஈரம் தோலுக்கு வந்து சேரும். எடுத்தவுடன் மொறுமொறுவென்று இருந்த பக்கோடா காபி ஆறுவதற்குள் மெத்தென்று ஆகிவிடுவது இதனால்தான். ஆகவே வெளித்தோலைச் சிவக்க வைத்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் வெங்காயமும் பாதிக்கு மேல் காய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் மேல்மாவு கருகவும் கூடாது.

கடலை மாவும் அரிசி மாவும்

அந்த நேரத்தை வாங்கித் தருவதுதான் அரிசி மாவின் வேலை.

கடலை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. கொஞ்சம் இயற்கைச் சர்க்கரையும் உண்டு. வெங்காயத்தோடு மாவு ஒட்டிக்கொள்வதும், பக்கோடாவின் மணமும் நிறமும் இந்தப் புரதத்தால் வருபவை. தொல்லையும் அதனால்தான். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்தால் சீக்கிரமே சிவந்துவிடும். வெறும் கடலை மாவில் போட்ட பக்கோடா மூன்றாவது நிமிடமே பொன்னிறத்துக்கு வந்துவிடும். நிறத்தைப் பார்த்து நாம் எடுத்துவிடுவோம், உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் மேலே கருகிக் கசக்கும். தவிர, கடலை மாவு தண்ணீரை நன்றாக உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது.

அரிசி மாவில் புரதம் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்குதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. அது மெதுவாகத்தான் சிவக்கும். பச்சைத் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். காய்ந்தால் நன்றாக விறைக்கும். இரண்டையும் கலக்கும்போது பக்கோடா சிவப்பதற்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது, அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது.

அதற்காக அரிசி மாவை அள்ளிப் போட்டால் வேறு தொல்லை. அதற்கு ஒட்டும் குணம் குறைவு. அளவு மிஞ்சினால் மாவு வெங்காயத்தை விட்டு எண்ணெயில் உதிரும். பக்கோடா மொறுமொறுப்பைத் தாண்டிக் கடினமாகும். ஆறியதும் கல்லைக் கடிப்பதுபோல இருக்கும். தூள் பக்கோடாவுக்கு நான்கு பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு என்பது நல்ல தொடக்கம். இன்னும் கரகரப்பாக வேண்டுமென்றால் மூன்றுக்கு ஒன்று வரை போகலாம். இரண்டுக்கு ஒன்று என்பது எல்லை; சுடச்சுடச் சாப்பிட நன்றாக இருக்கும், மறுநாள் பல்லைச் சோதிக்கும்.

ரிப்பன் பக்கோடாவுக்கு இரண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு கடலை மாவு என்று தலைகீழாகப் போடுகிறார்களே என்று கேட்கலாம். அதில் வெங்காயம் கிடையாது. மாவு எதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவையில்லை. அச்சில் பிழிவதால் தகடுபோல மெல்லியதாகவும் இருக்கும். அந்த விகிதத்தை வெங்காயத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

அளப்பதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன பங்கெல்லாம் டம்ளர் கணக்கு, எடைக் கணக்கு அல்ல. கடலை மாவு லேசானது. அரிசி மாவு கனமானது. 200 மில்லி டம்ளரில் கடலை மாவு ஏறக்குறைய 80 கிராம் பிடிக்கும். அதே டம்ளரில் அரிசி மாவு 130 கிராமுக்கு மேல் பிடிக்கும். டம்ளரில் நான்குக்கு ஒன்று என்பது தராசில் ஏறக்குறைய இரண்டரைக்கு ஒன்று. தராசில் நிறுத்துச் சமைப்பவர்கள் நான்குக்கு ஒன்று என்று போட்டால் அரிசி மாவு போதாமல் பக்கோடா மெத்தென்று வரும்.

கடையில் கடலை மாவு கேட்டால் பச்சைக் கடலைப்பருப்பை அரைத்த மாவாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டுக்கடலை மாவு இதற்கு ஆகாது. அது ஏற்கெனவே வறுபட்டது. பச்சை மாவைப் போல வெங்காயத்தைச் சேர்த்துப் பிடிக்காது, சீக்கிரம் கருகும். மில்லில் அரைப்பதானால் கையில் தேய்த்தால் லேசாக நறநறக்கும் அளவுக்கு அரைக்கச் சொல்லலாம்.

பிசைவது அல்ல, பிசிறுவது

மாவின் பதத்துக்கு வருவோம். கீழே சொல்லும் அளவு நான்கு பேர் மாலையில் கொறிக்கப் போதும்.

பெரிய வெங்காயம் தோல் நீக்கி கால் கிலோ. நடுத்தர அளவில் மூன்று வரும். கடலை மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு கால் டம்ளர், உப்பு முக்கால் தேக்கரண்டி. பச்சை மிளகாய் மூன்று, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி சோம்பு. மிளகாய்த் தூள் விருப்பம் போல. சோடா உப்பு வேண்டாம். சோடா, மாவில் குமிழ் விட்டுத் துளை போடும். மெது பக்கோடாவுக்கு அது வேண்டும், ஆனால் தூள் பக்கோடாவில் அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் புகும். சீக்கிரம் சிவக்கவும் வைக்கும். அரிசி மாவு வாங்கிக் கொடுத்த நேரத்தைச் சோடா திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும்.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக, ஒரே கனத்தில் நறுக்க வேண்டும். சில துண்டு தடிமனாகவும் சில துண்டு மெல்லியதாகவும் இருந்தால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது ஈரமாகவே இருக்கும். நறுக்கியதில் உப்பைப் போட்டு, இதழ் இதழாகப் பிரியும்படி விரலால் நன்றாகப் பிசிறிவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கும். பாத்திரத்தின் அடியில் நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். இந்த நீர்தான் மாவைச் சேர்ப்பதற்கு. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் வெங்காயத் தண்ணீரும் இதுவும் சேர்ந்து இரட்டிப்பாகும். வெங்காயத்தின் நீரிலேயே மாவை நனைத்தால், வெங்காயத்துக்குள் இருக்கும் ஈரமும் குறைகிறது, வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் சேர்வதுமில்லை.

அடுத்து மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, சோம்பு போட்டு, கடலை மாவையும் அரிசி மாவையும் தனியாகக் கலந்து மேலே தூவுங்கள். காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து மாவின் மேல் ஊற்றி, கரண்டியால் கிளறிவிட்டுச் சூடு ஆறியதும் கையால் பிசிறலாம். மாவுத் துகள்களின் மேல் எண்ணெய் பூசிக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகாது. பொரிந்த பக்கோடா கடித்ததும் பொலபொலவென்று உடையும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் பக்கோடா எண்ணெயில் பிரிந்து கரையத் தொடங்கும்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? புட்டு மாவு மாதிரி: கையில் அழுத்திப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். வெங்காய இழை ஒவ்வொன்றின் மேலும் மாவு மெல்லிய போர்வையாக ஒட்டியிருக்கும். இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். பாத்திரத்தின் அடியில் காய்ந்த மாவு கொஞ்சம் மிச்சமிருந்தால் கையை நனைத்து இரண்டு முறை தெளித்தால் போதும். பஜ்ஜி மாவு கரண்டியிலிருந்து வழிய வேண்டும். மெது பக்கோடா மாவு கையிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். தூள் பக்கோடா மாவு வழியவும் கூடாது, விழவும் கூடாது, நாம்தான் அதை உதிர்த்துப் போட வேண்டும்.

முதல் ஈடு அருமையாக வந்து கடைசி ஈடு சொதசொதவென்று வருவது பல வீடுகளில் நடப்பது. எண்ணெய் மீதுதான் பழி விழும். ஆனால் பாத்திரத்தில் காத்திருக்கும் மாவுக்குள் உப்பு இன்னமும் வெங்காயத்தின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. உதிரியாக இருந்த மாவு கால் மணி நேரத்தில் குழைந்துவிடுகிறது. அதனால் மாவு முழுவதையும் ஒரே தடவையில் கலக்காதீர்கள். வெங்காயத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு ஈட்டுக்கு வேண்டிய மாவை அந்தந்த ஈடு போடும் நேரத்தில் தூவிப் பிசிறினால் கடைசி வரை ஒரே பதம் நிற்கும். இரண்டாவது, மூன்றாவது பங்கில் நீர் அதிகம் கோத்திருந்தால், வடித்துவிட்டு மாவு சேர்க்க வேண்டியதுதான்.

எண்ணெய் காய்ந்ததா, அதிகமாகக் காய்ந்ததா

எண்ணெயில் போட்டதும் எழும் சலசலப்பு எண்ணெயின் சத்தம் அல்ல, தண்ணீர் ஆவியாகிப் பீறிட்டு வரும் சத்தம். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும்போது, 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் தண்ணீர் பக்கோடாவுக்குள்ளிருந்து வேகமாக வெளியேறும். வெளியே தள்ளிக்கொண்டு வரும் அந்த ஆவி, எண்ணெய் உள்ளே புகாமல் தடுக்கிறது. எண்ணெய் காயாமல் இருந்தால் ஆவிக்கு வேகம் இல்லை; மேல்தோல் இறுகவும் நேரமாகும். அதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும்.

வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளி மாவு போதும். மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடிக்குப் போய், சுற்றிலும் குமிழ் விட்டுக்கொண்டு இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்தால் எண்ணெய் தயார். அடியிலேயே கிடந்தால் இன்னும் காய வேண்டும். அடிக்கே போகாமல் மேலேயே நின்று உடனே சிவந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது. புகை வந்தால் அதற்கும் மேலே. அப்போது அடுப்பை அணைத்துக் கொஞ்சம் பொறுங்கள்.

சரியான சூட்டில் தொடங்கினால் மட்டும் ஆகாது. தண்ணீரை ஆவியாக்குவது எண்ணெயின் சூட்டைப் பெரிதும் தின்னும் வேலை. பனிக்கட்டிக் குளிர்ச்சியில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல், கொதித்த அதே தண்ணீரை ஆவியாக மாற்றத் தேவை. வாணலி நிறைய மாவைப் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறி, சலசலப்பு அடங்கி, பக்கோடா எண்ணெயில் ஊறிக் கிடக்கும். அரை லிட்டர் எண்ணெய் என்றால் மேலே சொன்ன அளவை மூன்று ஈடாகப் போடுங்கள். எண்ணெயின் மேற்பரப்பில் பாதியாவது காலியாகத் தெரிய வேண்டும். போடும்போது கையை எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பரவலாக உதிர்த்துவிடுங்கள். குவியலாகப் போட்டால் நாம் தவிர்க்க நினைத்த உருண்டைதான் வரும்.

மாவைப் போடும் நேரத்தில் தீயை ஏற்றுங்கள். சூடு இறங்குவதை அது ஈடுகட்டும். முதல் அரை நிமிடம் கரண்டியே போட வேண்டாம். மேல்மாவு இறுகாமல் கிளறினால் வெங்காயத்தை விட்டு மாவு பிரிந்து எண்ணெயில் கரைந்துவிடும். பிறகு ஜல்லிக்கரண்டியால் மெல்லப் பிரித்துவிட்டுத் தீயை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். மொத்தம் நான்கிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும்.

எடுக்கும் நேரத்தைக் கண் மட்டும் முடிவு செய்யக் கூடாது; காதும் வேண்டும். தொடக்கத்தில் பெரிய குமிழும் உரத்த சலசலப்பும் இருக்கும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ்கள் சிறுத்துச் சத்தம் தணியும். கரண்டியில் அள்ளினால் லேசாகவும், ஒன்றோடொன்று உரசும்போது கலகலவென்றும் கேட்கும். இந்த இடத்தில் தீயைக் கூட்டி அரை நிமிடம் வைத்து எடுங்கள். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுப்பது நல்லது. சட்டியை விட்டு வந்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டால் நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

எடுத்த பிறகு முதல் ஒரு நிமிடம்

எண்ணெயில் கிடக்கும்போதுதான் பக்கோடா எண்ணெயைக் குடிக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது எடுத்த பிறகுதான். சூடு இறங்கியதும் உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடம், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் கடைசியில் தீயைக் கூட்டி எடுக்கும் அந்த அரை நிமிடம் வீண் வேலையல்ல. சூடான எண்ணெய் இளகி இருப்பதால் எளிதில் வடியும். ஜல்லிக்கரண்டியில் அள்ளி, வாணலிக்கு மேலேயே பத்து விநாடி பிடித்து நன்றாக உதறுங்கள். பிறகு கண் தட்டிலோ வடிதட்டிலோ பரப்புங்கள்.

குவிக்கவும் கூடாது, மூடவும் கூடாது. சூடான பக்கோடாவிலிருந்து ஆவி இன்னும் வந்துகொண்டிருக்கும். டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியில் நீராகப் படிந்து பக்கோடா மேலேயே சொட்டும். கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும்.

விருந்தாளிகள் வரும் நேரம் தெரியாதபோது இரண்டு தடவை பொரிக்கும் முறை உதவும். முக்கால் பதத்தில், வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துப் பரப்பிவிடலாம். காத்திருக்கும் நேரத்தில் நடுவில் இருக்கும் ஈரம் தோலுக்கு வந்து சேரும். ஆட்கள் வந்ததும் எண்ணெயை முதல் தடவையைவிடச் சற்று அதிகமாகக் காய வைத்து ஒரு நிமிடம் பொரித்தால், மேலே வந்து நிற்கும் அந்த ஈரமும் போய்விடும். ஒரே தடவையில் பொரித்ததைவிட இது நீண்ட நேரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

குறையைப் பக்கோடாவே சொல்லும்

அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்பதை, ஆறிய பக்கோடா ஒன்றை உடைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

மேலே நன்றாகச் சிவந்து, உள்ளே வெங்காயம் ஈரமாக வழவழவென்று இருந்தால் எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அல்லது பிடி பெரிதாக இருந்திருக்கிறது. தீயைக் குறைத்து, உதிர்த்துப் போட்டுப் பாருங்கள். அரிசி மாவைத் தொட வேண்டியதில்லை. உடைத்த இடத்தில் விரலில் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய் காயவில்லை, அல்லது ஒரு ஈட்டில் அதிகம் போட்டுவிட்டீர்கள். பலமுறை காய்ச்சிக் கறுத்து நுரைக்கும் எண்ணெயிலும் இப்படித்தான் வரும். உடைத்தால் நடுவில் வெறும் மாவு கெட்டியாகத் தெரிகிறதா? மாவு அதிகம், வெங்காயம் குறைவு. எடையில் இரண்டு பங்கு வெங்காயத்துக்கு ஒரு பங்கு மாவு என்ற கணக்கைத் தாண்டாதீர்கள். ஈரமே இல்லாமல் காய்ந்து, ஆனாலும் கடிக்கக் கடினமாக இருந்தால் மட்டும்தான் குற்றம் அரிசி மாவுடையது. ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள்.

வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோஸ், கீரை என்று மாற்றினாலும் கணக்கு இதேதான், தண்ணீர்தான் மாறும். கீரையில் கழுவிய தண்ணீர் ஒட்டியிருக்கும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திவிட்டு நறுக்குங்கள். முட்டைக்கோஸ் உப்புப் பட்டால் நிறைய நீர் விடும். பிழிந்துவிட்டு மாவைத் தூவுங்கள். முந்திரி பக்கோடாவுக்கு மட்டும் எதிர்க் கணக்கு. முந்திரியில் நீரே கிடையாது என்பதால் மாவு ஒட்டுவதற்குத் தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். மாவு முந்திரியைப் பிடித்துக்கொள்ளும் அந்த இடத்தில் தெளிப்பதை நிறுத்திவிட்டு எண்ணெயில் போடலாம்.